ஹலால், கோஷர் முத்திரைகள்: பாக்கெட்டைத் திருப்பி எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை மதியம் என் டீமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். ஒருவர் காயல்பட்டினத்துக்காரர், இன்னொருவர் இஸ்ரேலில் இருந்து வந்திருப்பவர். ஃப்ரோசன் சிக்கன் நக்கெட்ஸ், வெளிநாட்டு வெங்காய கிரீம் சிப்ஸ், மார்ஷ்மெல்லோ வாங்கினேன். முதலாவதில் பச்சை நிறத்தில் ஹலால் முத்திரை. இரண்டாவதில் வட்டத்துக்குள் ஆங்கில ‘யு’, பக்கத்தில் ‘டி’. மூன்றாவதில் வெறும் ‘கே’. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்கிறார். அப்படியா?

பதில்:

இல்லை. நக்கெட்ஸ் காயல்பட்டினத்து நண்பருக்கு அநேகமாகச் சரி. இஸ்ரேல் நண்பர் யூத உணவு விதியான கோஷர் பார்ப்பவரானால் அதைத் தொட மாட்டார். சிப்ஸ் அவருக்குப் பெரும்பாலும் சரி; காயல் நண்பருக்கு ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். மார்ஷ்மெல்லோவை இரண்டு பேருக்கும் வைக்காதீர்கள். நான் பொம்மசந்திரா பக்கம் உணவுத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். ஹலால் தணிக்கைக்காரர்களுக்கும் கோஷர் பார்க்க வந்த ரப்பி என்ற யூத மதகுருவுக்கும் ஒரே கிடங்கைத் திறந்து காட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் கேட்கும் கேள்விகள் வேறு வேறு. கடைக்காரர் குழம்புவது அங்கேதான்.

முதலில், இந்தியாவில் எல்லா பாக்கெட்டிலும் கட்டாயமாக இருக்கும் குறி ஹலாலும் இல்லை, கோஷரும் இல்லை. சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான், நிறம் மட்டும் பழுப்பு. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் புரியட்டும் என்று பிறகு முக்கோணமாக்கினார்கள். இந்தக் குறி அரசு விதி. ஹலால், கோஷர் முத்திரைகள் தனியார் அமைப்புகள் கொடுப்பவை. உள்நாட்டில் விற்கும் பொருளுக்கு எந்தச் சட்டமும் அவற்றைக் கேட்பதில்லை.

பச்சை வட்டம் எவ்வளவு தூரம் உதவும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இறைச்சி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின் இவை எதுவும் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம். பால், தேன், மிட்டாய்க்குப் பளபளப்புக் கொடுக்கும் அரக்கு ஆகியவை சைவக் கணக்கில்தான் வரும். ஆனால் எசன்ஸில் ஆல்கஹால் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதே இயந்திரத்தில் காலையில் என்ன ஓடியது, திராட்சைச் சாறை யார் தயாரித்தார்கள் என்பதெல்லாம் அதன் வேலையே இல்லை. முதலாவது கேள்வி முஸ்லிம் நண்பருக்கு முக்கியம், மற்ற இரண்டும் யூத நண்பருக்கு.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் புரளியையும் தீர்த்துவிடலாம். ‘இ 631 என்று போட்டிருந்தால் பன்றிக் கொழுப்பு’ என்று வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றும். 631 கொழுப்பே இல்லை. இனோசினேட் என்ற உப்பு அது, நூடுல்ஸ் மசாலாவிலும் சிப்ஸிலும் நாக்கில் சுவை தூக்க நுனிச் சிட்டிகை அளவு சேர்ப்பது. மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். இந்தியாவில் பச்சை வட்டம் போட்ட பாக்கெட்டில் 631 இருந்தால் அது விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. எண்ணை வைத்துப் பயப்படுவதை விட வட்டத்தைப் பார்ப்பது லேசு. 471 என்ற கொழுப்புச் சேர்மத்துக்கும் இதே கதைதான். செடி எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், எண் ஒன்றேதான். பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் பொருளாகச் சேர்த்திருந்தால் பெயர் சொல்லியே அச்சிட வேண்டும் என்பதும் நம் லேபிள் விதி.

இப்போது நக்கெட்ஸ்.

முத்திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லியைச் சேர்ந்த ஜமியத் உலமா-இ-ஹிந்த் ஹலால் டிரஸ்ட், சென்னையைச் சேர்ந்த ஹலால் இந்தியா, மும்பையில் ஜமியத் உலமா மகாராஷ்டிரா என்று சில அமைப்புகள் நம் நாட்டில் சான்று கொடுக்கின்றன. பெயர் இருந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அரபியில் ‘ஹலால்’ என்று மட்டும் எழுதி, யார் கொடுத்தது என்று ஒன்றும் இல்லாவிட்டால் அது விற்பவரின் சொல், அவ்வளவுதான். சிவாஜிநகரில் தெரிந்த கடைப் பாய் ‘ஹலால் கட்’ என்று போர்டு வைத்தால் அந்தச் சொல்லே போதும். அவரைத் தெரியும், கடை முன்னாலேயே அறுக்கிறார். எங்கோ ஓர் ஊரில் அறுத்து, இன்னோர் ஊரில் உருட்டி, பொரித்து உறைய வைத்த பண்டத்துக்கு அது போதாது.

சரி, அந்த அமைப்பு எதைப் பார்த்துவிட்டுச் சான்று கொடுக்கிறது? கோழியை அறுக்கும் இடத்தில் தொடங்குகிறது. அறுப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும், இறைவன் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும், கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கழுத்தில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பக்கத்து இரத்தக் குழாய்களும் அறுபட வேண்டும். அந்த நேரத்தில் கோழி உயிரோடு இருக்க வேண்டும். இரத்தம் வடிந்து உயிர் போன பிறகுதான் இறகு பிடுங்குவதற்கான வெந்நீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். இதுவரை எல்லா அமைப்பும் ஒரே குரல்தான்.

கருத்து வேறுபாடு இரண்டு இடத்தில் வரும். பெரிய ஆலையில் கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடும் சங்கிலியில் வரும். அறுப்பதற்கு முன்னால் மின்சாரம் பாய்ந்த தண்ணீரில் தலையை நனைத்து மயக்குவது உலகம் முழுக்க வழக்கம். அந்த மயக்கத்திலிருந்து கோழி தானாக மீண்டுவிடும் என்றால் சரி என்கிறது ஒரு தரப்பு. மின்சாரம் கூடிப்போய் அறுப்பதற்கு முன்பே சில கோழி செத்திருந்தால் என்ன செய்வது, மயக்கமே வேண்டாம் என்கிறது இன்னொரு தரப்பு. அடுத்தது, கையால் அறுப்பதா, சுழலும் பிளேடால் அறுப்பதா என்பது. பிளேடு என்றால் ஒவ்வொரு கோழிக்கும் இறைவன் பெயரைச் சொல்வது யார்? பிரிட்டனில் எச்எம்சி என்ற அமைப்பு மயக்கத்தையும் இயந்திர அறுப்பையும் ஏற்காது; எச்எஃப்ஏ என்ற அமைப்பு நிபந்தனையோடு இரண்டையும் ஏற்கும். இரண்டின் பாக்கெட்டிலும் ஹலால் என்றுதான் இருக்கும். ஆகவே ‘ஹலாலா?’ என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். ‘கையால் அறுத்ததா, மயக்கினார்களா?’ என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். காயல்பட்டினத்து வீடுகளில் சிலர் இதைக் கவனிப்பார்கள், சிலர் கவனிக்க மாட்டார்கள். நண்பரையே கேட்டுவிடுவது நல்லது.

நக்கெட் என்பது கோழி மட்டும் இல்லை. மேலே மாவுக் கரைசல், ரொட்டித் தூள், மசாலா, எசன்ஸ், சிலவற்றில் பால் பவுடர் அல்லது சீஸ். அறுப்பு ஆலைக்குச் சான்று இருந்து, நக்கெட் ஆலைக்கு இல்லாமல் இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: ‘சந்தைப்படுத்துபவர்’ என்று பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், ‘தயாரிப்பவர்’ என்று இரண்டு மூன்று முகவரி இருக்கும். எந்த ஆலையில் செய்தது என்பதை பேட்ச் எண்ணின் முதல் எழுத்தை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஒரு வரியும் இருக்கும். ஹலால் சான்று கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை. இந்த முகவரியில் உள்ள ஆலை, இந்தப் பொருள்கள், இந்தத் தேதி வரை என்றுதான் கொடுப்பார்கள்.

உங்கள் பாக்கெட்டையே வைத்துச் செய்து பார்ப்போம். பேட்ச் எண் ‘பி’யில் தொடங்குகிறது, பின்பக்க அட்டவணையில் ‘பி’ என்பது இரண்டாவது முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு பாக்கெட்டின் இரண்டு பக்கப் படத்தையும் அனுப்பி, இந்த ஆலையின் நடப்பு ஹலால் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். ஒழுங்கான கம்பெனி அனுப்பிவிடும், ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை. வந்த தாளில் முகவரி ‘பி’ ஆலையுடையதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, பொருள் பட்டியலில் நக்கெட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் ‘முழுக் கோழி, வெட்டிய கோழி’ மட்டும் இருந்தால் அந்தச் சான்று இறைச்சிக்கு, உங்கள் கையில் உள்ள நக்கெட்டுக்கு இல்லை. கடைசியாக, தாளில் உள்ள சான்றிதழ் எண்ணைச் சான்று கொடுத்த அமைப்பிடமே கேட்டு உறுதி செய்யலாம். விருந்துக்கு இவ்வளவு வேண்டாம் என்றால் அமைப்பின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதோடு நிறுத்தி, பாக்கெட்டை நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

முத்திரையே இல்லாத கோழிப் பாக்கெட் ஹலால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சான்று வைத்துக்கொண்டே உள்நாட்டுப் பாக்கெட்டில் அச்சிடாமல் விடும் கம்பெனிகள் உண்டு. 2022 உகாதி சமயத்தில் கர்நாடகத்தில் ஹலால் இறைச்சியைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று போட்ட உணவுப் பொருள்களை மாநிலத்துக்குள் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது, ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. நாடு முழுக்க ஒரே பாக்கெட்டை விற்கும் கம்பெனிக்கு அச்சில் முத்திரை போடாமல் இருப்பதுதான் நிம்மதி. ஏற்றுமதி வேறு உலகம். குறிப்பிட்ட 15 நாடுகளுக்கு ‘ஹலால்’ என்று சொல்லி இறைச்சி அனுப்ப வேண்டுமானால், இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் உள்ள வாரியம் அங்கீகரித்த அமைப்பின் சான்று வேண்டும் என்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் 2024-ல் விதி போட்டிருக்கிறது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் இந்தோனேசியாவும் அதில் வருகின்றன. உருளைக்கிழங்கு பூஜியாவில் எதற்கு ஹலால் முத்திரை என்று சிலர் கோபப்படுவார்கள். அந்த ஆலை துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் சரக்கு அனுப்பும், எசன்ஸையும் எண்ணெயையும் கழுவும் திரவத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம்.

வெளிநாட்டு நொறுக்குத் தீனியில் அடிக்கடி கண்ணில் படும் ஹலால் முத்திரைகள் மூன்று. மலேசியாவின் ஜாகிம் முத்திரை வட்டத்துக்குள் எட்டு முனை நட்சத்திரம், நடுவில் அரபியில் ஹலால். கொடுப்பது அரசுத் துறை. இந்தோனேசியா 2022-ல் புதிதாகக் கொண்டுவந்த முத்திரை ஊதா நிறம், நிழற்பொம்மைக் கூத்தில் வரும் மலை வடிவம். தாய்லாந்தினுடையது வைர வடிவம். இவை வந்திருந்தால் இங்கே யாரும் பெரும்பாலும் மறு கேள்வி கேட்பதில்லை.

அடுத்தது சிப்ஸ். வட்டத்துக்குள் யு என்பது நியூயார்க்கின் ஆர்த்தடாக்ஸ் யூனியன் முத்திரை. உலகத்தில் மிக அதிகமாகப் பார்க்கக் கூடிய கோஷர் குறி இதுதான். வட்டத்துக்குள் கே என்றால் ஓகே கோஷர், நட்சத்திரத்துக்குள் கே என்றால் ஸ்டார்-கே. பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஆர் என்று ஒன்று இருக்கும். அது பதிவு பெற்ற வணிகக் குறி என்பதற்கான அடையாளம், கோஷருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதை கோஷர் என்று நினைத்து வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கோஷரில் முக்கியமே அந்தப் பக்கத்து எழுத்துதான். யூத உணவு விதியில் இறைச்சியும் பாலும் ஒன்று சேரக் கூடாது. ஒரே தட்டில் கூடாது, ஒரே பாத்திரத்தில் சமைக்கக் கூடாது, இறைச்சி சாப்பிட்டால் பலர் ஆறு மணி நேரம் பால் தொட மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பொருளும் இறைச்சியா, பாலா, இரண்டும் இல்லாததா என்று தெரிந்தாக வேண்டும். ‘டி’ என்றால் பால் இருக்கிறது, அல்லது பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது. ‘பார்வே’ என்று எழுதியிருந்தால் இரண்டும் இல்லை. முட்டையும் மீனும் இந்தப் பிரிவில் வரும். வெறும் ‘பி’ என்று போட்டிருந்தால் பலர் பார்வே என்று நினைத்துவிடுகிறார்கள். அது பாஸ்கா பண்டிகைக்கும் ஆகும் என்ற குறி. அந்த வாரத்தில் புளிப்பேறிய கோதுமைப் பண்டங்கள் கூடாது என்பதால் அதற்குத் தனிக் கணக்கு.

உங்கள் சிப்ஸில் கிரீம் தூளும், சீஸ் செய்யும்போது பிரியும் நீரைக் காய வைத்த வே பவுடரும் இருப்பதால் டி. கோஷர் தணிக்கை அங்கே என்ன பார்த்திருக்கும்? எண்ணெய் ஆலையில் விலங்குக் கொழுப்பு ஓடியதா, வே பவுடர் எந்தச் சீஸிலிருந்து வந்தது, அந்தச் சீஸுக்காகப் பாலைத் திரிக்கப் போட்ட ரென்னெட் எது, எசன்ஸில் என்ன கலந்திருக்கிறது. அதோடு இயந்திரம். கோஷர் அல்லாத பண்டம் கொதித்த கொப்பரையை சோப்பு போட்டுக் கழுவினால் போதாது. 24 மணி நேரம் சும்மா விட்டு, பிறகு கொதிநீர் விட்டு, ரப்பி முன்னிலையில் மறுபடி கோஷராக்க வேண்டும். எங்கள் ஆலையில் நீராவிக் குழாய் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று ரப்பி வரைபடம் கேட்டபோது பராமரிப்புக்காரர் என்னை முறைத்தார். காரணம் இருக்கிறது: ஒரு பாத்திரத்தைச் சூடாக்கிக் குளிர்ந்து திரும்பிய நீர் மறுபடி ஆவியாகி இன்னொன்றைச் சூடாக்கினால், முதல் பாத்திரத்தில் இருந்தது இரண்டாவதில் சேர்ந்ததாகக் கணக்கு.

இந்த டி குறியிலிருந்து காயல் நண்பருக்கும் ஒரு தகவல் கிடைக்கும். பால் பொருளில் இறைச்சி சேர்க்கவே முடியாது என்பதால் அதில் பன்றியும் இல்லை, வேறு எந்த விலங்கின் கறியும் இல்லை. ஆனால் ஆல்கஹால்? கோஷர் ஆல்கஹாலைத் தடுப்பதில்லை. திராட்சை மதுவுக்கு மட்டும்தான் தனி விதி; அதுவும் யூதர்கள் தயாரித்ததா என்ற கேள்வி, மது கூடாது என்பது இல்லை. வனிலா எசன்ஸை எத்தனாலில் கரைத்தாலும் கோஷர் முத்திரை கிடைக்கும். ஹலால் அமைப்புகள் இங்கே கறார். மது தயாரிப்பிலிருந்து வந்த ஆல்கஹால் கூடாது. எசன்ஸைக் கரைக்கப் போட்ட எத்தனால் இறுதிப் பொருளில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு மலேசியா அனுமதிக்கிறது, வேறு சிலர் அதுவும் வேண்டாம் என்கிறார்கள். எங்களுக்கு எசன்ஸ் கொடுத்த ஒருவர் விலை குறைந்தது என்று புரொப்பிலீன் கிளைக்காலுக்குப் பதில் எத்தனாலுக்கு மாற்றிவிட்டு, கீழே ஓரமாக ஒரு வரி சேர்த்து எசன்ஸின் விவரத் தாளை அனுப்பினார். கவனிக்காமல் விட்டிருந்தால் சைவக் குறி அப்படியே இருக்கும், கோஷரும் அப்படியே இருக்கும், ஹலால் மட்டும் போயிருக்கும். உங்கள் சிப்ஸின் பொருள் பட்டியலில் ஒயின், ஒயின் வினிகர், பீர் சுவை என்று ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெங்காய கிரீம் வகையில் இருக்க வாய்ப்புக் குறைவு.

ஒரு சங்கடம்: இறக்குமதியாளர் தன் பெயர், உரிம எண், சைவ அசைவக் குறி எல்லாம் உள்ள ஸ்டிக்கரைச் சுங்கக் கிடங்கிலேயே ஒட்டுவார். அது பல நேரம் மூலப் பொருள் பட்டியலின் மேலேயோ கோஷர் குறியின் மேலேயோதான் உட்காரும். ஓரத்தை மெதுவாக உரித்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் இருப்பதை விட அடியில் இருக்கும் அச்சில்தான் விவரம் முழுசாக இருக்கும். oukosher.org தளத்தில் பிராண்டின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தப் பொருள் பட்டியலில் இருக்கிறதா, பாலா பார்வேயா என்றும் தெரிந்துவிடும். நாடு மாறினால் ஆலையும் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். அமெரிக்கப் பாக்கெட்டில் யு இருக்கும் பிராண்டின் இந்தியத் தயாரிப்பில் அது இல்லாமல் இருக்கலாம். கையில் உள்ள பாக்கெட்டில் அச்சாகியிருந்தால்தான் கணக்கு.

அப்புறம் மார்ஷ்மெல்லோ. பழுப்பு முக்கோணம் இருக்கும் என்று நினைக்கிறேன், பாருங்கள். அதன் மெத்தென்ற தன்மையே ஜெலட்டினால்தான். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வரும், பன்றித் தோலிலிருந்தும் வரும், மீனிலிருந்தும் வரும். பட்டியலில் ‘ஜெலட்டின்’ என்று மட்டும் இருந்தால் எது என்று தெரியாது. வட்டமும் நட்சத்திரமும் இல்லாத வெறும் கே எழுத்தை அமெரிக்காவில் யாரும் தனக்குச் சொந்தமாகப் பதிவு செய்ய முடியாது, ஒற்றை எழுத்து பொதுச் சொத்து. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பின்னால் ஒரு நல்ல ரப்பி இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். தோலும் எலும்பும் அமிலத்தில் ஊறி உருமாறிவிட்டால் அது பழைய பொருளே இல்லை என்று வாதிடும் சில ரப்பிகள், எந்த விலங்கின் ஜெலட்டினுக்கும் கே கொடுத்ததுண்டு. பெரிய அமைப்புகள் அந்த வாதத்தை ஏற்பதில்லை. கோஷர் முறையில் அறுத்த மாட்டின் தோல் அல்லது மீன் வேண்டும் என்பார்கள்.

இதே வாதம் இஸ்லாமியச் சட்டத்திலும் அப்படியே உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு பொருள் முழுக்க உருமாறினால் விதியும் மாறும் என்பதில், மத்ஹப் எனும் சட்டப் பிரிவுகளில் ஹனஃபி அறிஞர்கள் சிலர் தாராளம், ஷாஃபி மத்ஹபினர் இறுக்கம். காயல்பட்டினமும் கீழக்கரையும் ஷாஃபி ஊர்கள். பெயர் தெரிந்த ஹலால் முத்திரையோ ‘மீன் ஜெலட்டின்’ என்ற வரியோ இல்லாமல் அவருக்கு மார்ஷ்மெல்லோ வைக்காதீர்கள். மத்ஹப் வித்தியாசம் இன்னோர் இடத்திலும் தெரியும். ஷாஃபிகளுக்கு இறால் தாராளமாக ஆகும், ஹனஃபிகளிடையே அதில் பேச்சு உண்டு. யூதர்களுக்கோ செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும்தான், இறாலும் நண்டும் கிடையவே கிடையாது. எந்த ஹலால் முத்திரை போட்ட இறால் சிப்ஸாக இருந்தாலும் இஸ்ரேல் நண்பர் பக்கம் போகக் கூடாது.

நக்கெட்ஸ் ஏன் அவருக்கு ஆகாது என்றும் சொல்லிவிடுகிறேன், அறுப்பு கிட்டத்தட்ட ஒன்று போலத்தானே இருக்கிறது என்று தோன்றும். கோஷரில் அறுப்பவர் அதற்கென்றே படித்துச் சான்று பெற்ற யூதர். அவர் கத்தியில் நகத்தை ஓட்டி ஒரு சின்ன முள் தட்டினாலும் அறுக்க மாட்டார். அறுத்த பிறகு உள்ளுறுப்புகளைப் பார்ப்பார். மாட்டின் நுரையீரல் வழவழப்பாக இருந்தால் ‘கிளாட்’ என்ற உயர்ந்த தகுதி. மாட்டில் பின்தொடை நரம்பையும் சில வகைக் கொழுப்பையும் நீக்க வேண்டும். கறியை அரை மணி நேரம் நீரில் ஊற வைத்து, ஒரு மணி நேரம் உப்பில் புதைத்து, மூன்று முறை கழுவினால்தான் இரத்தம் போனதாகக் கணக்கு. இவை எதுவும் ஹலாலில் கிடையாது. அதற்கு மேல் உங்கள் நக்கெட்டில் பால் பவுடர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மறுபக்கம், கோஷர் இறைச்சி முஸ்லிம்களுக்கு ஆகுமா என்றால், வேதம் பெற்றோரான யூதர், கிறிஸ்தவர் அறுத்ததைச் சாப்பிடலாம் என்று குர்ஆன் வசனத்தைச் சொல்லி ஏற்பவர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது. பெங்களூரு சூப்பர் மார்க்கெட்டில் கோஷர் கோழி கிடைப்பது அபூர்வம். இங்கு வரும் யூதர்களில் கோஷர் பார்ப்பவர்கள் சபாத் என்ற யூத மத அமைப்பின் மையத்தைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்வார்கள், இல்லாவிட்டால் சைவத்தில் ஓட்டிவிடுவார்கள்.

உங்களுக்கு இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இஸ்ரேலிலிருந்து வந்தவர் எல்லாரும் கோஷர் பார்ப்பவர்கள் இல்லை. பலர் நம் ஊர் பிரியாணியை ஒரு பிடி பிடிப்பார்கள். முதலில் கேளுங்கள். கோஷர் பார்ப்பவர் என்றால் சனிக்கிழமை மதியத்தை மாற்றுங்கள். வெள்ளி சாயங்காலம் முதல் சனி இருட்டும்வரை ஓய்வு நாள், கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் வண்டியில் ஏற மாட்டார், சாப்பாடும் சூடாக்க மாட்டார். ஞாயிறு வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லை இல்லை. இன்னும் கண்டிப்பானவர் யு-டி சிப்ஸுக்குக்கூட ஒரு கேள்வி கேட்பார்: பால் கறந்ததை யூதர் ஒருவர் மேற்பார்த்தாரா? அதற்கு ‘கோலோவ் இஸ்ரோயேல்’ என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். உங்கள் பாக்கெட்டில் அது இல்லாவிட்டால் அவருக்கு உப்பு மட்டும் போட்ட பார்வே சிப்ஸ் தேடுங்கள்.

பரிமாறும்போது அவருக்குச் சிப்ஸை உடைக்காத பாக்கெட்டாகவே கொடுங்கள், பக்கத்தில் ஒரு காகிதத் தட்டு. வெட்டாத வாழைப்பழமும் மாதுளையும் எந்த முத்திரையும் இல்லாமல் இரண்டு பேருக்கும் ஆகும். உங்கள் வீட்டுக் கத்தியால் வெட்டிவிட்டால் அவர் தயங்கலாம், பாத்திரமும் கத்தியும் கோஷரில் கணக்கில் வருபவை. காயல் நண்பருக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் வீட்டில் பன்றிக்கறி சமைக்கும் வழக்கம் இருந்தால் நக்கெட்ஸுக்கு வேறு கடாய் எடுங்கள், எண்ணெயும் புதிதாக ஊற்றுங்கள். நக்கெட்ஸ் பொரித்த அதே எண்ணெயில் அப்பளத்தைப் போட்டு, ‘இது சைவம்தான்’ என்று இஸ்ரேல் நண்பர் முன்னால் மட்டும் வைத்துவிடாதீர்கள்.